பரிசோதகர் பட்டறை வாசலுக்கு வரும்போது

கேள்வி: "திருகோணமலையில் ஆறு பேருடன் லேத், வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளின் சாஃப்ட், இரும்புக் கதவு, கேற் வேலைகள்தான். போன மாதம் அடுத்த வீதிப் பட்டறைக்குத் தொழில் திணைக்களத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தார்களாம். எங்களிடமும் வருவார்கள் என்று பையன்கள் பயப்படுகிறார்கள். சாமான் வாங்க நான் அடிக்கடி வெளியே போய்விடுவேன். வருகிறவரை எப்படி வரவேற்பது, என்ன காட்டுவது, என்ன பேசுவது? தேநீர், சாப்பாடு கொடுக்கலாமா? அவர் சிங்களத்தில் பேசினால் என்ன செய்வது? மரியாதைக் குறைவு என்றும் வரக்கூடாது, பயந்து நிற்பதாகவும் தெரியக்கூடாது."

பதில்:

உங்கள் பட்டறையைப் போன்ற இடங்களுக்கு வரக்கூடியவர் பெரும்பாலும் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளராக இருப்பார். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயந்திரங்கள், மின்சாரம், காற்றோட்டம், விபத்துத் தடுப்பு ஆகியவற்றைப் பார்ப்பது அவருடைய வேலை. சம்பளம், விடுமுறை, ஊழியர் சேமலாப நிதி ஆகியவற்றைப் பார்க்கத் தொழில் உத்தியோகத்தர் வேறொரு நாளில் வரலாம். இருவரும் ஒரே திணைக்களத்தவர்கள் என்றாலும் கேட்கும் கேள்விகள் வேறு. ஆகவே வந்தவர் எந்த வேலைக்கு வந்திருக்கிறார் என்பதை முதலில் அறிந்துகொள்வதுதான் நல்ல வரவேற்பின் தொடக்கம்.

முன்னறிவித்தல் இல்லாமல் வந்ததை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை நடக்கும் இடத்துக்குள் நியாயமான எந்த நேரத்திலும் நுழைய, பார்க்க, பதிவேடுகளைக் கேட்க, மாதிரிகள் எடுக்க, தொழிலாளரிடம் விசாரிக்க அவருக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழில் அமைப்பின் 81ஆவது சமவாயமும் பரிசோதகர் முன்னறிவிப்பின்றி வரலாம் என்றே சொல்கிறது. அதே கட்டளைச் சட்டம் உங்கள் பக்கத்துக்கும் ஒரு கடமையை வைத்திருக்கிறது: நுழைவதற்கும் பரிசோதிப்பதற்கும் வேண்டிய வசதியை உரிமையாளரும் அவருடைய ஆட்களும் செய்து கொடுக்க வேண்டும். எனவே உதவி செய்வது உங்கள் தாராளத்தைப் பொறுத்த விடயம் அல்ல. அதை முகம் சுளிக்காமல், தாமதிக்காமல் செய்வதில்தான் மரியாதை இருக்கிறது. ஒரு பரிசோதகர் பட்டறையைப் பற்றிக் கொள்ளும் முதல் அபிப்பிராயம் பெரும்பாலும் அவரை வாசலில் நிற்கவைத்த நேரத்தில்தான் உருவாகிறது. உள்ளே யாரோ ஓடும் சத்தமும், எதையோ இழுத்து மூடும் சத்தமும் கேட்டபின் கதவு திறக்கப்பட்டால், அதற்குப் பிறகு சொல்லும் உண்மையையும் அவர் இரண்டு தடவை யோசித்துத்தான் எடுத்துக்கொள்வார்.

வாசலில் அதிகம் பேச வேண்டியதில்லை. "வாங்கோ சேர், இருங்கோ. நான்தான் இந்தப் பட்டறையின் உரிமையாளர். நீங்கள் எந்தத் திணைக்களத்தில் இருந்து வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும், வந்தவர் பெண் என்றால் "மிஸ்" என்பது நம் ஊரில் இயல்பாக அமையும். அடுத்ததாக, "உங்கள் அடையாள அட்டையை ஒருமுறை பார்க்கலாமா? வருகைப் புத்தகத்தில் பெயரை எழுதிவைப்பது எங்கள் வழக்கம்" என்று சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பலர். பரிசோதகர் தம் நியமனச் சான்றைக் கேட்டால் காட்ட வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளதால், உண்மையான உத்தியோகத்தர் இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெயர், பதவி, அலுவலகம், வந்த நேரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அட்டையைக் காட்டத் தயங்கிக்கொண்டு "தண்டம் எழுதாமல் விடுகிறேன்" என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே பணத்துக்கு வந்துவிடுகிற ஆளை உள்ளே விட வேண்டியதில்லை. மாவட்டத் தொழில் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தால், குரலை உயர்த்தாமல், "ஒரு நிமிடம், அலுவலகத்தில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்ல முடியும்.

நீங்கள் வெளியே போயிருக்கும் நாள்களுக்குத்தான் கூடுதல் ஆயத்தம் தேவை. "முதலாளி இல்லை, பிறகு வாருங்கள்" என்று வேலையாள் திருப்பி அனுப்புவது பணிவாகச் சொல்லப்பட்டாலும் அது தடுத்ததாகவே பதிவாகலாம். பட்டறையில் மூத்தவர் ஒருவரை, அநேகமாக உங்கள் லேத்காரரை, உங்களுக்குப் பதிலாகப் பேசுபவர் என்று இன்றே சொல்லிவையுங்கள். பத்திரங்கள் உள்ள அலுமாரியின் திறப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வந்தவரை இருத்தி, உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, நீங்கள் வரும்வரை காக்க விருப்பமா அல்லது இப்போதே பார்க்கத் தொடங்குகிறாரா என்று அவரிடமே கேட்பதுதான் அந்த மூத்தவரின் வேலை. தெரியாத கேள்விக்கு, "அது முதலாளிக்குத்தான் சரியாகத் தெரியும் சேர், அவர் வந்து சொல்வார்" என்பது முழுமையான பதில். ஊகித்துச் சொல்லப்படும் பதிலைப் பின்னர் திருத்துவது கடினம்.

பட்டறைக்குள் நுழையும் கட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு: வந்தவரின் கண்ணும் காலும் இப்போது உங்கள் பொறுப்பு. வெல்டிங் நடந்துகொண்டிருக்கும் அறைக்குள் அவரை நேராகக் கூட்டிச் சென்றால் ஒரு கணச் சுடர் போதும், அன்றிரவு கண்ணில் மணல் விழுந்ததைப் போல உறுத்திக்கொண்டு கிடப்பார். உள்ளே போவதற்கு முன் வெல்டரிடம் சொல்லி வேலையை நிறுத்தச் செய்யுங்கள், அல்லது திரையை இழுத்துவிடச் சொல்லுங்கள். வருகிறவர்களுக்கென்று சுத்தமான பாதுகாப்புக் கண்ணாடி இரண்டை மேசை இலாச்சியில் வைத்திருங்கள். எண்ணெய் பிசுபிசுக்கும் பழைய கண்ணாடியைத் துடைத்து நீட்டுவதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்று தோன்றும் அளவுக்கு நம் பட்டறைகளில் அவை கிடக்கின்றன. நடக்கும் வழியில் வயர், வெட்டுத் துண்டுகள், லேத்திலிருந்து சுருண்டு விழும் இரும்புச் சுருள்கள் கிடந்தால் அவரை அதன்மேல் நடத்தாதீர்கள். ஆனால் இவை எல்லாவற்றையும் அவர் கண்முன்னே அவசரமாகக் கூட்டி ஒதுக்கவும் வேண்டாம். வழமையான நிலையைப் பார்க்கவே அவர் வந்திருக்கிறார்.

அதே காரணத்தால் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு அமைதியான பட்டறையைக் காட்டுவதும் உதவி அல்ல. கிரைண்டரின் காப்பு எப்படி நிற்கிறது, லேத்தின் அவசர நிறுத்தி வேலை செய்கிறதா, கொம்பிரசரின் பாதுகாப்பு வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பதெல்லாம் ஓடும்போதுதான் தெரியும். "எதை ஓட்டிக் காட்ட வேண்டும் சேர்?" என்று கேளுங்கள். வழமையாக அந்த இயந்திரத்தில் நிற்கும் ஆளே, அவர் வழமையாகப் போடும் கண்ணாடியையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு ஓட்டட்டும். நீங்கள் இயக்கிக் காட்டப் போய், பழக்கமில்லாத கையால் பிழை விடுவது சங்கடம். திருக்கடலூரிலிருந்து சாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து அவசரத்தில் நிற்கும் படகுக்காரரிடம், "பரிசோதனை நடக்கிறது, அரை மணித்தியாலம் பொறுங்கோ" என்று ஒருவர் வெளியே வைத்தே சொல்ல வேண்டும். உள்ளே வந்து சுற்றி நிற்கும் வாடிக்கையாளர்கள் பேச்சையும் குழப்புவார்கள், ஆபத்தையும் கூட்டுவார்கள்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே கோப்பில் தொழிற்சாலைப் பதிவு, பொதுப் பதிவேடு, கொம்பிரசரின் காற்றுத் தாங்கியை அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் சோதித்துக் கொடுத்த சான்றிதழ், விபத்துப் பதிவு ஆகியவை இருக்கட்டும். இன்னொரு கோப்பில் வரவுப் பதிவும் சம்பளப் பதிவும் ஊழியர் சேமலாப நிதியின் சி படிவங்களும் இருக்கட்டும். ஊழியரின் 8 சதவீதமும் உங்கள் 12 சதவீதமும், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் 3 சதவீதமும் கட்டிய பற்றுச்சீட்டுகளை மாத வரிசையில் வைத்தால் தொழில் உத்தியோகத்தர் வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளே பாதியாகக் குறையும். இல்லாத பத்திரத்தைத் தேடுவதுபோல் நடிக்க வேண்டாம். "அது எங்களிடம் இல்லை" என்று சொல்லிவிட்டால் அடுத்ததற்குப் போகலாம்.

இனி, உங்களைப் போன்ற பட்டறைகளில் அநேகமாக நடக்கக்கூடிய ஒன்றை முழுமையாகப் பார்ப்போம். பரிசோதகர் வேலை மேசையின்மேல் கிடக்கும் 5 அங்குலக் கைக்கிரைண்டரைக் கையில் எடுக்கிறார். அதில் காப்பு இல்லை. மாட்டியிருப்பது 7 அங்குல வெட்டும் டிஸ்க். தடித்த சாஃப்ட்டையோ பெரிய அங்கிள் இரும்பையோ ஒரே வெட்டில் முடிக்க வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்வதை அவர் நிறையப் பார்த்திருப்பார். இரண்டு டிஸ்கிலும் நடுத்துளை ஒரே அளவு என்பதால் அது வில்லங்கமில்லாமல் மாட்டுப்படும். காப்புத்தான் இடிக்கும், ஆகவே காப்பைக் கழற்றிவிடுவார்கள். ஆபத்து எங்கே என்றால், 7 அங்குல டிஸ்கின் முகத்தில் ஆகக்கூடிய சுழற்சி வழமையாக நிமிடத்துக்கு 8,500 என்று அச்சிடப்பட்டிருக்கும். சிறிய கிரைண்டரின் தகட்டிலோ ஏறத்தாழ 11,000 என்றிருக்கும். விநாடிக்கு 80 மீற்றர் வேகத்துக்கென்று செய்யப்பட்ட விளிம்பு அந்த இயந்திரத்தில் 100 மீற்றரைத் தாண்டி ஓடுகிறது. டிஸ்க் வெடித்துச் சிதறினால் துண்டுகளை மறிக்கக் காப்பும் இல்லை. பரிசோதகர் அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினால், விவாதிக்க ஒன்றும் மிஞ்சாது.

இந்த இடத்தில் முதலாளிமார் வாயில் வரும் முதல் வசனம், "இன்றைக்குத்தான் சேர் கழற்றினோம், துப்புரவாக்க" என்பதாகும். காப்பை இறுக்கும் வளையமும் ஆணியும் இருக்க வேண்டிய கழுத்துப் பகுதியில் இரும்புத் தூளும் கிறீஸும் ஒரே படையாக இறுகிக் கிடப்பதைப் பார்க்கிறவருக்கு அது கழற்றப்பட்டு மாதக்கணக்காகிறது என்பது தெரியும். அவர் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொள்வார். அதன்பிறகு உங்கள் விபத்துப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் வேறு கண்ணால் பார்ப்பார். பொய்யால் வரும் உண்மையான இழப்பு அதுதான், கிரைண்டருக்கு எழுதப்படும் குறை அல்ல.

பதிலாக, இப்படிச் செய்யுங்கள். "காப்பு நெடுநாளாகக் கழற்றிக் கிடக்கிறது சேர், தடித்த இரும்பு வெட்டப் பெரிய டிஸ்க் போட்டதால்" என்று காரணத்தோடு சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை காத்திராமல் பிளக்கைக் கழற்றி, டிஸ்கை எடுத்து, இயந்திரத்தைத் தனியே வைத்து, "பாவிக்க வேண்டாம்" என்று எழுதிய கடதாசியை வயரில் கட்டுங்கள். பையன்களில் ஒருவரைக் காப்பைத் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏதோ ஓர் இலாச்சியில் கிடக்கும். கிடைத்தாலும் உடனே பூட்டிக் காட்டிவிட்டு விடயம் முடிந்தது என்று சொல்ல வேண்டாம், ஏனென்றால் அடுத்த தடித்த சாஃப்ட் வந்தவுடன் அது மீண்டும் கழரும் என்பது அவருக்கும் உங்களுக்கும் தெரியும். தடித்த வெட்டுக்கு எதைப் பாவிக்கப் போகிறீர்கள் என்பதற்கே விடை வேண்டும்: சொந்தக் காப்போடு வரும் 7 அங்குலக் கிரைண்டரா, மேசையில் நிற்கும் வெட்டு இயந்திரமா? "இந்த மாத முடிவுக்குள் வாங்குகிறேன், அதுவரை தடித்த வெட்டு வேலைகளை எடுக்க மாட்டோம்" என்று உங்களால் காப்பாற்றக்கூடிய திகதியைச் சொல்லுங்கள். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக "நாளைக்கே" என்று சொல்லி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் வரும்போது அதே நிலை இருந்தால், முதல் நாளில் காட்டிய மரியாதை முழுவதும் வீணாகிவிடும்.

அவர் சொல்லும் ஒன்றோடு நீங்கள் உடன்படாமல் இருக்கவும் கூடும். மேசைக் கிரைண்டரில் பொருளைத் தாங்கும் தட்டுக்கும் கல்லுக்கும் இடையில் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்று அவர் சொல்கிறார், உங்களுக்கு அது சரியாக இருப்பதாகத் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். "அளந்து பார்க்கலாமா சேர்?" என்று கேட்டு, இயந்திரத்தை நிறுத்தி, அளவுகோலை அவர் கையில் கொடுங்கள். அளந்தபின் மிஞ்சும் கருத்து வேறுபாட்டை எழுத்தில் வைக்கலாம். தொழிலாளர்கள் முன்னிலையில் வாக்குவாதம் வேண்டாம்.

தொழிலாளரிடம் அவர் தனியாகப் பேச விரும்பினால் நிழலும் கதிரையும் உள்ள ஓரிடத்தைக் காட்டிவிட்டு, பேச்சு கேட்காத தூரத்துக்கு விலகிச் செல்லுங்கள். கதவருகே ஏதோ தேடுவதுபோல் நிற்பது எல்லோருக்கும் விளங்கும். பேசி முடித்து வரும் பையனிடம் "என்ன கேட்டார், என்ன சொன்னாய்?" என்று அன்று மாலையே விசாரிப்பதும் அதே வகைதான், பையன்களின் பயத்தில் பாதி பரிசோதகரைப் பற்றியது அல்ல, உங்கள் அந்தக் கேள்வியைப் பற்றியது என்பது என் அபிப்பிராயம். அவர்களுக்கு முன்கூட்டியே ஒன்றே ஒன்றைச் சொல்லிவையுங்கள்: கேட்டதற்கு உள்ளதைச் சொல்லலாம், அதற்காக யாருக்கும் ஒன்றும் நடக்காது. யாருக்கு என்ன வயது, எப்போது சேர்ந்தார், எவ்வளவு சம்பளம் என்று மனப்பாடம் செய்விப்பதும், வயது குறைந்த உதவியாளனைப் பின்வாசலால் அனுப்புவதும் செய்யவே கூடாதவை. 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைத்திருந்தால் அது வரவேற்பால் தீரும் பிரச்சினை அல்ல.

"யாராவது முறைப்பாடு செய்தார்களா சேர்?" என்ற கேள்வி நாக்கு நுனி வரை வரும். கேட்காதீர்கள். முறைப்பாட்டின் மூலத்தை வெளியிடக் கூடாது, முறைப்பாட்டின் பேரில்தான் வந்தோம் என்பதைக்கூடக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முன்னர் சொன்ன 81ஆவது சமவாயம் பரிசோதகரைக் கட்டுப்படுத்துகிறது. விடை வராத அந்தக் கேள்வி, வேலையாள்களில் ஒருவரை நீங்கள் சந்தேகிக்கிறீர்கள் என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிடும்.

மொழியைப் பொறுத்தவரை, அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அரச அலுவலகங்களின் பதிவேடுகளும் அலுவல்களும் தமிழில் நடத்தப்பட வேண்டும். ஆகவே உங்கள் பதிவேடுகள் தமிழில் இருப்பது குறையாகாது. வந்தவர் சிங்களம் மட்டும் பேசுகிறவர் என்றால், பட்டறையிலோ பக்கத்துக் கடையிலோ இரு மொழியும் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைக்கலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு அழையுங்கள். திருகோணமலையில் அத்தகைய ஒருவரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்காது. சாதாரணப் பேச்சுக்கு அது போதும். ஆனால் வாக்குமூலமோ அறிவித்தலோ எழுதிக் கையொப்பம் கேட்டால், "எனக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ்தான் சேர், தமிழில் எழுதித் தந்தால் வாசித்துவிட்டுக் கையொப்பம் வைக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அன்று தமிழில் தர முடியாவிட்டால், உரத்து வாசித்து மொழிபெயர்க்கச் சொல்லி, அவ்வாறு மொழிபெயர்த்துக் கேட்டபின் கையொப்பமிட்டதாக உங்கள் கையெழுத்தில் தமிழில் ஒரு வரி சேர்த்து ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். புரியாத தாளில் மரியாதைக்காகக் கையொப்பமிடுவது யாருக்கும் செய்யும் உதவி அல்ல.

தேநீர் கொடுக்கலாம். நம் வெயிலில் வந்தவருக்குத் தண்ணீரோ பிளேன்ரீயோ கொடுப்பது வீட்டுப் பழக்கம், அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வேண்டாம் என்றால் இரண்டாம் தடவை வற்புறுத்தாதீர்கள், சில உத்தியோகத்தர்கள் கொள்கையாகவே எதையும் வாங்குவதில்லை. அதற்கு மேலே போகும் எதுவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுப் பார்சல், வாகனத்துக்குள் வைக்கும் மீன் பெட்டி, பெற்றோல் செலவு என்று நீட்டும் நோட்டு, அவருடைய வீட்டுக் கேற்றை இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொல்லும் வாக்கு எல்லாமே ஒன்றுதான். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும், கொடுக்க முன்வருவதும் குற்றம். அவர் தரப்பிலிருந்து கேள்வி வந்தால், "எது குறையோ அதை எழுதித் தாருங்கள் சேர், செய்து முடித்துவிட்டு அறிவிக்கிறேன்" என்று மட்டும் சொல்லி, பேசியதையும் நேரத்தையும் கொப்பியில் குறித்துவைத்து, இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

போகும் முன் அவர் கண்ட குறைகளை வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு, நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து மூலமான அறிவித்தல் பின்னர் தபாலில் வந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு குறைக்கும் செய்த வேலை, செய்த திகதி, இருந்தால் பற்றுச்சீட்டு அல்லது படம் என்று ஒரு பக்கக் கடிதத்தில், அறிவித்தலின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, தரப்பட்ட தவணைக்குள் அனுப்புங்கள். கொம்பிரசர் சோதனையைப் போல மற்றவரின் கையில் உள்ள வேலை தவணைக்குள் முடியாது என்று தெரிந்தால், தவணை கழிந்தபின் காரணம் சொல்லாமல், கழியும் முன்பே யாரிடம் எப்போது கேட்டீர்கள் என்ற விபரத்துடன் கூடுதல் காலம் கேளுங்கள். கடிதத்தின் பிரதியை அதே கோப்பில் வையுங்கள். அடுத்த தடவை வேறொரு உத்தியோகத்தர் வந்தால், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.